ஒரு தடவை மட்டும் செல்லும் கார்டு நம்பர்: எடுப்பது எப்படி, அது உருவாவது எப்படி

முன்பின் தெரியாத இணையக் கடையில் வாங்கும்போது உங்கள் டெபிட் கார்டில் அச்சடித்திருக்கும் 16 இலக்க எண்ணைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. அந்த ஒரு வாங்கலுக்காக மட்டும் வேறொரு 16 இலக்க எண்ணை உங்கள் வங்கியிடமிருந்து எடுத்துக் கொடுக்கலாம். ஒரு முறை பணம் போனதும் அந்த எண் செல்லாது. கடைக்காரர் அதை யாருக்கு விற்றாலும், கடையின் கணினியை யார் உடைத்துத் திருடினாலும், கையில் கிடைப்பது எதற்கும் உதவாத எண்தான்.

பெரம்பூரில் இருக்கும் என் சித்தி ஆரி வேலை செய்பவர். போன் விளம்பரத்தில் பார்த்த ஒரு தளத்தில் மடக்கும் ஸ்டாண்ட் 1,400 ரூபாய், ஊசி செட் 360 ரூபாய் என்று போட்டிருந்தது. சவுகார்பேட்டையில் தேடிய அளவு கிடைக்காததால் அங்கேயே வாங்கலாம் என்று முடிவு செய்தார், ஆனால் அந்தக் கடையின் பெயரை அவருக்குத் தெரிந்த யாரும் கேள்விப்பட்டதில்லை. அவருக்கு உட்கார்ந்து செய்துகாட்டியதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த வகை?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். வங்கி ஆப்பில் "விர்ச்சுவல் கார்டு" என்று ஒரு படம் தெரியும், அதைத் தொட்டால் எண்ணும் தேதியும் காட்டும். பெரும்பாலும் அது உங்கள் நிரந்தர கார்டின் திரை வடிவம்தான், அந்த எண் நாளைக்கும் அதே எண், அடுத்த வருடமும் அதே எண். நாம் பேசுவது அதைப் பற்றி அல்ல. எண் தருவதற்கு முன்னால் "எவ்வளவு தொகைக்கு?" என்று திரை உங்களைக் கேட்டால், அது ஒருமுறை வகை. கேட்காமல் எண்ணைக் காட்டினால் அது நிரந்தர வகை. பெயரைப் பார்க்காதீர்கள், அந்தக் கேள்வி வருகிறதா என்று பாருங்கள்.

எல்லா வங்கியும் இதைத் தருவதில்லை, தருகிற வங்கிகளிலும் விதிகள் வேறுபடும். எஸ்பிஐயின் விர்ச்சுவல் கார்டு குறைந்தது 100 ரூபாய், அதிகபட்சம் 50,000 ரூபாய், 48 மணி நேரம் அல்லது ஒரு பரிவர்த்தனை, இதில் எது முதலில் முடிகிறதோ அதுவரை என்று வகுக்கப்பட்டது. உங்கள் வங்கியில் என்ன விதி என்பது எண்ணை உருவாக்கும் திரையிலேயே இருக்கும், அதை ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள். இந்தியத் தளங்களில் மட்டும் செல்லுமா, வெளிநாட்டுத் தளத்திலும் செல்லுமா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். 2020 அக்டோபரிலிருந்து புதிதாகத் தரப்படும் கார்டுகளில் இணையப் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் நாமே கேட்டுத் திறந்தால்தான் திறக்கும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

கடைப் பக்கம் முதலில், வங்கிப் பக்கம் பிறகு

எண்ணை எடுத்துவிட்டுக் கடைக்குப் போகக் கூடாது. கடையில் கடைசிப் படி வரை போய், முகவரி கொடுத்து, கூரியர் கட்டணம் எல்லாம் சேர்ந்து, கார்டு எண் கேட்கும் பெட்டி கண்ணில் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கே தெரியும் மொத்தத் தொகைதான் நமக்கு வேண்டும். சித்தியின் கூடையில் 1,760 என்று இருந்தது, கடைசிப் பக்கத்தில் கூரியர் 85 சேர்ந்து 1,845 ஆனது. 1,760-க்கு எண் எடுத்திருந்தால் கடை 1,845 கேட்கும், வங்கி மறுத்துவிடும், சித்தி கடை மோசம் என்று நினைத்திருப்பார்.

வரம்பைச் சரியாக 1,845 என்றே வைத்தோம். இருக்கட்டுமே என்று 3,000 வைப்பதில் அர்த்தமில்லை, ஏனென்றால் கடை தவறான தொகையைக் கேட்டால் தடுக்கப்போவது இந்த வரம்புதான். டாலரில் விலை போட்ட தளமாக இருந்தால் மட்டும் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். நீங்கள் பார்க்கும் மாற்று விகிதமும் வங்கி போடும் விகிதமும் ஒன்றாக இருக்காது.

அப்புறம் வங்கிப் பக்கம். தேடுபொறியில் வங்கிப் பெயரைத் தட்டி முதலில் வருவதைத் திறக்காதீர்கள், முகவரியை நீங்களே அடியுங்கள். இந்திய வங்கிகள் தங்கள் தளங்களை `.bank.in` என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31-ஐக் கெடுவாக வைத்தது, அதனால் அந்த முடிவு இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

உள்ளே கார்டுகள் பகுதியில் `Virtual Card` அல்லது `e-Card` என்பது போன்ற பெயரில் இருக்கும். எந்தக் கணக்கிலிருந்து என்று தேர்ந்தெடுத்து, 1,845 என்று அடித்து, விதிகளை ஏற்கும் பெட்டியில் டிக் போட்டு, `Generate` அழுத்தினால் உங்கள் போனுக்கு ஒரு ஓடிபி வரும். அதைப் போட்டதும் திரையில் எண், மாதம்/வருடம், மூன்று இலக்க சிவிவி மூன்றும் தெரியும்.

இந்த ஓடிபி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த வாங்கலில் இரண்டு ஓடிபி வரும். முதலாவது எண்ணை உருவாக்க, இரண்டாவது பணம் கட்ட. "உங்கள் விர்ச்சுவல் கார்டை ஆக்டிவேட் செய்து தருகிறோம்" என்று யாராவது போனில் பேசி முதல் ஓடிபியைக் கேட்டால், அவர்கள் உங்கள் கணக்கின் மேல் ஒரு புதிய எண்ணை உருவாக்கப் பார்க்கிறார்கள் என்று பொருள். அந்த எண் அவர்கள் திரையில் இருக்கும், உங்கள் திரையில் இருக்காது.

அந்த ஒரு நொடியில் என்ன நடந்தது

`Generate` அழுத்தியபோது உங்கள் பழைய கார்டு எண்ணை ஏதோ கணக்குப் போட்டு மாற்றிப் புதிய எண்ணாக ஆக்கினார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அப்படி இருந்தால் அந்தக் கணக்கைத் தெரிந்தவர் திரும்பப் போட்டு உங்கள் பழைய எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம். புதிய எண்ணுக்கும் பழைய எண்ணுக்கும் எந்தக் கணித உறவும் இல்லை. தியேட்டர் சைக்கிள் ஸ்டாண்டில் கொடுக்கும் டோக்கன் போலத்தான்: டோக்கனில் இருக்கும் 47 உங்கள் வண்டியைப் பற்றி எதுவும் சொல்லாது, எந்த டோக்கனுக்கு எந்த வண்டி என்பது ஸ்டாண்டுக்காரருக்கு மட்டும் தெரியும்.

எண் வரும் விதம் இதுதான். கார்டு எண்ணின் தொடக்க இலக்கங்கள் எந்த வங்கி, எந்த வகைக் கார்டு என்பதைச் சொல்பவை. முன்பு ஆறு இலக்கமாக இருந்தது, 2022 ஏப்ரலிலிருந்து விசாவும் மாஸ்டர்கார்டும் எட்டு இலக்கத்துக்கு மாறின. இதை வங்கி இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, ஏனென்றால் கடையிலிருந்து வரும் கோரிக்கை எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று விசா போன்ற நெட்வொர்க் இதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. ஒருமுறை எண்களுக்கென்றே வங்கி ஒரு தொடக்கத்தைத் தனியாக ஒதுக்கிவைத்துக்கொள்ள முடியும். நடுவில் ஏழு இலக்கங்கள், இவைதான் புழக்கத்தில் இல்லாத எண்களிலிருந்து உங்களுக்காக எடுக்கப்படுபவை. கடைசி ஒரு இலக்கம் சரிபார்ப்பு இலக்கம், மற்ற 15 இலக்கங்களிலிருந்து கணக்குப் போட்டு வருவது.

அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம், லூன் முறை என்று பெயர். வலப்பக்கம் இருந்து இரண்டாவது இலக்கத்தில் தொடங்கி ஒன்று விட்டு ஒன்று இலக்கத்தை இரட்டிப்பாக்குங்கள், இரட்டிப்பு 9-ஐத் தாண்டினால் அதிலிருந்து 9 கழியுங்கள், எல்லாவற்றையும் கூட்டுங்கள், கூட்டுத்தொகை 10-இன் மடங்காக வர வேண்டும். மென்பொருள்காரர்கள் சோதனைக்குப் பயன்படுத்தும் 4111 1111 1111 1111 என்ற எண்ணை எடுத்துக்கொண்டால், முதலில் இருக்கும் 4 இரட்டிப்பாகி 8, இரட்டிப்பாகும் மற்ற ஏழு ஒன்றுகள் சேர்ந்து 14, இரட்டிப்பாகாத எட்டு ஒன்றுகள் 8, ஆக 30. சரி. முதல் இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி 1411 என்று அடித்துவிட்டால் 27 வரும், தவறு. திரையைப் பார்த்து எண்ணைத் தட்டும்போது ஒரு இலக்கம் பிசகினால் கடைப் பக்கம் உடனே சிவப்புக் காட்டுவது இதனால்தான், வங்கி வரை போகாமலேயே தெரிந்துவிடும். அந்த நேரத்தில் பயப்பட ஒன்றுமில்லை, எண் இன்னும் செலவாகவில்லை.

நடுவில் ஏழு இலக்கம் என்றால் ஒரு தொடக்கத்துக்கு மொத்தம் ஒரு கோடி எண்கள்தான். ஒவ்வொரு வாங்கலுக்கும் ஒன்று என்று செலவழித்தால் பெரிய வங்கிக்கு அது சீக்கிரம் தீரும், அதனால் பழைய எண்களைச் சில காலம் ஓய்வில் வைத்து மறுபடி புழக்கத்துக்கு விட வேண்டிவரும். அதில் ஆபத்து இல்லையா என்று கேட்பீர்கள். சிவிவி இருப்பதால் இல்லை. சிவிவி எண்ணோடு காலாவதி மாதத்தையும் சேர்த்து, வங்கியின் ரகசியச் சாவிகளைக் கொண்டு, வெளியே யாரும் எட்டிப்பார்க்க முடியாத ஒரு பூட்டிய கருவிக்குள் கணக்கிடப்படுகிறது. மாதம் மாறினால் சிவிவியும் புதிதாகக் கணக்கிடப்படும், பழைய விவரத்தை வைத்திருப்பவரிடம் காலாவதி மாதமும் தவறாக இருக்கும், சிவிவியும் பொருந்தாது.

எண் உருவானதும் வங்கியின் பதிவேட்டில் ஒரு வரி எழுதப்படுகிறது: இந்த எண், இந்தக் கணக்கு, வரம்பு 1,845, இத்தனை மணி வரை, பயன்படுத்தப்படவில்லை. முழுப் பாதுகாப்பும் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. கடை பணம் கேட்கும்போது நெட்வொர்க் கோரிக்கையை வங்கிக்கு அனுப்புகிறது, வங்கி இந்த வரியைத் திறந்து தொகை வரம்புக்குள் இருக்கிறதா, நேரம் இருக்கிறதா, ஏற்கெனவே பயன்படுத்தியதா என்று பார்த்து, எல்லாம் சரியென்றால் உங்கள் கணக்கில் கழித்துவிட்டு "பயன்படுத்தப்பட்டது" என்று மாற்றிவிடுகிறது. கார்டில் 48 மணி நேரம் என்று எழுத இடமில்லை, கடையின் படிவம் மாதமும் வருடமும்தான் கேட்கும். அதனால் திரையில் ஏதோ ஒரு மாதம் காட்டும், உண்மையான கெடு வங்கியின் வரியில் இருக்கிறது. திரையில் தெரியும் மாதம் வரை செல்லும் என்று நம்பி அடுத்த வாரம் பயன்படுத்தப் போகாதீர்கள்.

இது புதிய யோசனையும் இல்லை. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 2000-ஆம் ஆண்டிலேயே இப்படி ஒருமுறை எண்ணைக் கொண்டுவந்தது.

கட்டும்போது

எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொன்னேன் சித்தியிடம். போனிலேயே வங்கிக்கும் கடைக்கும் மாறி மாறிப் போனால் ஏதாவது ஒரு பக்கம் தானாக மூடிக்கொள்ளும், பாதியில் நின்றுவிடும். கட்டி முடித்த பிறகு தாளைக் கிழித்துவிடலாம், ஆனால் கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் ஆர்டர் எண்ணோடு எங்காவது குறித்துவைக்க வேண்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கார்டைச் சேமிக்கட்டுமா என்று கடை கேட்கும் இடத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். 2022 அக்டோபர் 1 முதல் இந்தியக் கடைகள் உண்மையான கார்டு எண்ணைச் சேமிக்க முடியாது, பதிலாக ஒரு டோக்கனை வைத்துக்கொள்கின்றன. இன்னும் சில நிமிடத்தில் செல்லாமல் போகும் எண்ணுக்கு டோக்கன் எடுப்பது வீண்.

இரண்டாவது ஓடிபி வந்ததும் உடனே போடாமல் அந்த எஸ்எம்எஸ்ஸைப் படியுங்கள். பெரும்பாலும் அதில் தொகையும் கடைப் பெயரும் இருக்கும். 1,845 என்று இருந்தால் போடலாம். பெயர் மட்டும் வேறாக இருந்தால் அது கடைக்காகப் பணம் வாங்கும் பேமெண்ட் கேட்வேயின் பெயராக இருக்கக்கூடும், கட்டும் பக்கத்தில் அதே பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தொகை வேறாக இருந்தால் மூடிவிடுங்கள்.

பாதியில் நின்றால்

சுற்றிக்கொண்டே இருந்து பக்கம் நின்றுவிட்டால், எண் செலவாகிவிட்டதா இல்லையா என்று தெரிய வேண்டும். வங்கியிலிருந்து பணம் கழிந்த எஸ்எம்எஸ் வந்ததா பாருங்கள். வரவில்லை என்றால் வங்கித் தளத்தில் விர்ச்சுவல் கார்டு பட்டியலைத் திறந்து நிலையைப் பாருங்கள். இன்னும் உயிரோடு இருந்தால் அதே எண்ணால் மறுபடி கட்டலாம், அல்லது ரத்து செய்துவிட்டுப் புதிதாக எடுக்கலாம். எஸ்எம்எஸ் வந்து, கடையோ பணம் வரவில்லை என்றால், அந்த எண் முடிந்தது, திரும்பத் திரும்ப முயன்று பயனில்லை. இந்தியாவுக்குள் நடந்த வாங்கலில் இப்படிக் கழிந்த பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும் என்பது 2019-இல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு.

டெபிட் கணக்கு வைத்திருப்பவர்கள் கவனிக்க இன்னொன்று உண்டு. எஸ்பிஐ போன்ற முறையில் எண்ணை உருவாக்கியதுமே அந்தத் தொகையை வங்கி கணக்கிலேயே பிடித்துவைக்கும். கழிக்காது, ஆனால் நீங்களும் எடுக்க முடியாது. அன்றிரவு இஎம்ஐ போக வேண்டிய கணக்கில் இழுத்துப்பிடித்துத்தான் பணம் இருக்கிறது என்றால் இந்த 1,845-ஆல் இஎம்ஐ பவுன்ஸ் ஆகிவிடும். வாங்குவதில்லை என்று மனம் மாறினால் கெடு முடியும்வரை காத்திருக்காமல் உடனே ரத்து செய்யுங்கள், பிடித்துவைத்தது விடுபடும்.

பணம் திரும்பி வரும்போது

சித்திக்கு ஸ்டாண்ட் வந்தது, ஊசி செட் கையிருப்பில் இல்லை என்று கடை 360 ரூபாயைத் திருப்பிவிட்டதாக மெயில் அனுப்பியது. அதில் சித்தி அறியாத நான்கு இலக்கத்தில் முடியும் கார்டுக்கு அனுப்பியதாக இருந்தது. "ஏம்ப்பா, இது என் கார்டு நம்பரே இல்லையே, யாருக்கோ போட்டுட்டாங்களா?" என்று பதறிப் போன் செய்தார். "இல்ல சித்தி, அன்னைக்கு எழுதி வச்சீங்களே, அந்தக் கடைசி நாலு நம்பரைப் பாருங்க" என்றேன். பொருந்தியது.

எண் செல்லாமல் போனாலும் வங்கியின் அந்த வரி அழிவதில்லை. புதிதாகப் பணம் எடுக்கத்தான் விடாது, திரும்பி வரும் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்பது அதில் எழுதியிருக்கும். அதனால் 360 நேராகக் கணக்குக்கு வந்தது. ஒருவேளை வராவிட்டால் கடையிடம் ஏஆர்என் என்ற பணத்திருப்ப எண்ணைக் கேட்டு வாங்கி, அதையும் கடைசி நான்கு இலக்கத்தையும் வங்கியிடம் கொடுத்தால் அவர்கள் தேடிப் பிடிக்க முடியும். அந்த நான்கு இலக்கம் இல்லாமல் போய் நின்றால், உங்கள் நிரந்தர கார்டில் தேடிவிட்டு அப்படி ஒன்றும் வரவில்லை என்று சொல்லிவிடுவார்கள்.

எங்கே எடுபடாது

ஒரே ஆர்டரை இரண்டு பார்சலாக அனுப்பி இரண்டு தடவையாகப் பணம் எடுக்கும் கடைகள் இருக்கின்றன, வெளிநாட்டுத் தளங்களில் இது சகஜம். முதல் பார்சலுக்கு எடுத்ததும் எண் முடிந்துவிடும், இரண்டாவது நிற்கும். கார்டு சரியா என்று பார்க்க முதலில் ஒன்றிரண்டு ரூபாய் எடுத்துப் பார்க்கும் தளங்களும் உண்டு, அந்த ஒரு ரூபாயே உங்கள் ஒரு வாய்ப்பைச் சாப்பிட்டுவிடும். மாதச் சந்தாவுக்கு இது உதவாது. ஓட்டலில் அறைக்குள் விடும் முன் "புக் செய்த கார்டைக் காட்டுங்கள்" என்பார்கள், காட்ட உங்களிடம் அட்டை இருக்காது.

இதைவிட முக்கியமானது ஒன்று. கடை பொருளையே அனுப்பாமல் ஏமாற்றினால் இந்த எண் உங்களைக் காப்பாற்றாது. 1,845 போனது போனதுதான், அதற்கு மேல் எடுக்க முடியாது என்பது மட்டுமே இதன் பலன். அந்தப் பணத்துக்கு வங்கியிடம் டிஸ்ப்யூட் போட வேண்டும், கடை பதில் சொல்லாவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண், முழு மோசடி என்று தெரிந்தால் தாமதிக்காமல் 1930. அங்கேயும் முதலில் கேட்பது எந்தக் கார்டில் எப்போது கட்டினீர்கள் என்பதுதான், கடைசி நான்கு இலக்கமும் தேதியும் தொகையும் எழுதிய தாளை எடுத்துவைத்துக்கொண்டு பேசுங்கள்.